கூப்பிடாமல் வரும் விருந்தாளிகள்!
ஓட்டல்களில் கரப்பான், எலி, ஈ ஒழிவது எப்படி?

இரவு 11 மணி. ஓட்டலில் கடைசிப் பந்தி முடிந்துவிட்டது. அடுப்பு அணைந்துவிட்டது. முதலாளி கல்லாவைப் பூட்டுகிறார். விளக்கை அணைக்கிறார். கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

அரை மணி நேரம் ஆகிறது. பிரிஜ்ஜுக்குப் பின்னால் இருந்து இரண்டு மீசைகள் மெல்ல அசைகின்றன. ஒரு கரப்பான் வெளியே வருகிறது. அதன் பின்னால் பத்து; அதன் பின்னால் நூறு! சரக்கு அறையில் மூட்டை "கரக், கரக்" என்று சத்தம் போடுகிறது. அது எலி. ஈ மட்டும் இப்போது தூங்குகிறது. பொழுது விடிந்ததும் அது வேலைக்கு வந்துவிடும்.

இந்த மூன்று பேரும் சும்மா வருவதில்லை. கரப்பான் சாக்கடையில் நடந்த காலோடு தட்டில் நடக்கிறது. எலி போகிற வழியெல்லாம் சிறுநீர் விடுகிறது. எலிக்காய்ச்சல் என்னும் கொடிய நோய் அதிலிருந்துதான் மனிதனுக்கு வருகிறது. ஈ, குப்பையில் உட்கார்ந்துவிட்டு நேரே இட்லியில் வந்து உட்காருகிறது. வாந்தி, பேதி, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகள் இப்படித்தான் இலைக்கு வந்து சேருகின்றன.

"மருந்து அடி!" என்றால் போதுமா?

பல ஓட்டல்களில் ஒரே ஒரு வழிதான் தெரியும். கரப்பான் கண்ணில் பட்டால், "மருந்து வாங்கி வந்து அடி!" என்பார்கள். கடைப் பையன் ஒரு டப்பாவோ, பாட்டிலோ வாங்கி வருவான். சமையல் கட்டு முழுவதும் "புஸ், புஸ்" என்று அடிப்பான். காலையில் பத்து, இருபது கரப்பான் செத்துக் கிடக்கும். முதலாளிக்குத் திருப்தி.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் பழையபடி கரப்பான்! இந்தத் தடவை சாப்பாட்டுக் கூடத்திலும் இருக்கும். ஏன்?

தெளிக்கிற மருந்துகளில் பலவற்றின் வாடை கரப்பானை விரட்டும். வெளியில் நின்றவை சாகும். சந்துக்குள் இருந்தவை அங்கிருந்து கிளம்பி, பக்கத்து அறைக்குப் போய்க் குடியேறும். ஒரு இடத்தில் இருந்த கூட்டம் நாலு இடத்துக்குப் பரவும்.

அது மட்டுமா? தெளித்த மருந்து தோசைக்கல்லிலும், கரண்டியிலும், தட்டிலும் படியும். மறுநாள் அது சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போகும். அடுப்பு எரியும்போது டப்பா மருந்தை அடித்தால் தீப்பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

ஆகவே வரிசை மாற வேண்டும். முதலில், அவை எங்கே குடியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, அவற்றுக்குச் சோறும் தண்ணீரும் கிடைக்காமல் செய்ய வேண்டும். மூன்றாவது, வருகிற வழியை அடைக்க வேண்டும். மருந்து கடைசியில்தான்! அதுவும் கொஞ்சம்தான்.

இதை ஒரு உதாரணத்தால் பார்ப்போம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மேஜை. பின்னால் சமையல் கட்டு. அதை ஒட்டி சரக்கு அறை. கொல்லைப்புறத்தில் எச்சில் இலைத் தொட்டி. ஊருக்கு ஊர் இப்படி ஓட்டல்கள் இருக்கின்றன.

ஒரு நாள் சாப்பிட வந்தவர் சாம்பாரில் ஒரு கரப்பானைப் பார்த்துவிட்டார். எழுந்து போய்விட்டார். முதலாளிக்கு அவமானம். மருந்து அடிக்கும் தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்.

வந்தவர் மருந்து எதையும் எடுக்கவில்லை. பையிலிருந்து எட்டு அட்டைகளை எடுத்தார். அட்டையில் பசை தடவியிருந்தது.

"என்ன தம்பி, மருந்து அடிக்கவில்லையா?" என்று கேட்டார் முதலாளி.

"இன்றைக்கு எண்ணிக்கை எடுக்கிறேன், ஐயா. எங்கே எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் மருந்து வைத்தால், மருந்துதான் வீண்" என்றார் அவர்.

அட்டைகளை சுவர் ஓரமாக வைத்தார். பிரிஜ்ஜுக்குப் பின்னால் ஒன்று, தோசைக்கல் மேடைக்குக் கீழே ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒன்று, சரக்கு அறையில் இரண்டு, சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று. ஒவ்வொரு அட்டையிலும் இடமும் தேதியும் எழுதினார்.

மறுநாள் காலையில் எண்ணினார்கள். பிரிஜ்ஜுக்குப் பின்னால் 31. தோசைக்கல்லுக்குக் கீழே 12. தொட்டிக்கு அடியில் 9. சரக்கு அறையில் 2. கூடத்தில் ஒன்றும் இல்லை. மொத்தம் 54.

கூட்டம் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. பிரிஜ்ஜின் மோட்டார் இரவு பகலாகச் சூடாக இருக்கும். கீழே சொட்டுத் தண்ணீர் இருக்கும். இருட்டு இருக்கும். கரப்பானுக்கு இதைவிட நல்ல வீடு ஏது?

பெரியதா, சின்னதா?

கரப்பானில் பல சாதி உண்டு. ஓட்டலில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று பெரியது. விரல் நீளம் இருக்கும். செம்பழுப்பு நிறம். இது சாக்கடையில் வாழும். இரவில் ஜாலி வழியாக மேலே வரும். இதற்கு மருந்தைவிட சாக்கடை மூடிதான் முக்கியம். மூடி உடையாமல் இருக்க வேண்டும். நுண்ணிய கம்பி வலை போட வேண்டும்.

இன்னொன்று சின்னது. அரை அங்குலம்தான் இருக்கும். வெளிர்ப் பழுப்பு. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். ஜெர்மன் கரப்பான் என்று பெயர். பஸ் நிலைய ஓட்டலில் பிடிபட்டது இதுதான். இது சாக்கடையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அட்டைப் பெட்டியிலும், சாக்கிலும், பழைய சாமானிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் சமையல் கட்டிலேயே பெருகும்.

இதன் பெண் பூச்சி, முட்டைகளை ஒரு சிறு உறையில் வைத்து வால் பக்கம் சுமந்து திரியும். ஒரு உறையில் 30 முதல் 40 முட்டைகள்! குஞ்சு பொரிக்கும் வரை அது உறையைக் கீழே விடாது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

பட்டினி போடும் வேலை

முதல் வாரம் முழுவதும் மருந்தே இல்லை. பட்டினி போடும் வேலைதான்!

இரவு கடை மூடிய பிறகு, மாஸ்டரும் கூட இருப்பவர்களும் முக்கால் மணி நேரம் செலவிட்டார்கள். மிச்ச மாவு, சட்னி, பொடி எல்லாவற்றுக்கும் இறுக்கமான மூடி. தோசைக்கல் மேடையை நகர்த்தி, அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு கரண்டிப் பிசுக்கு ஒரு கூட்டத்துக்கே விருந்து.

பிறகு தண்ணீர். கரப்பான் சோறில்லாமல் பல நாள் தாங்கும். தண்ணீரில்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. ஆகையால் சொட்டுகிற குழாயை மறுநாளே மாற்றினார்கள். தொட்டியைத் துணியால் துடைத்து உலர்த்தினார்கள். ஈரத் துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயப் போட்டார்கள். பிரிஜ்ஜுக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தட்டையும் காலி செய்தார்கள்.

சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளை அன்றைக்கே பிரித்து வெளியே அனுப்பினார்கள். பருப்பும் அரிசியும் மூடியுள்ள டிரம்மில் போயின. சுவரில் இருந்த வெடிப்புகளைப் பூசினார்கள். தடிமன் குறைந்த சந்தில்கூட சின்னக் கரப்பான் ஒண்டிக்கொள்ளும். ஒரு தீக்குச்சி நுழைகிற வெடிப்பு போதும்!

மிளகு அளவு மருந்து

எட்டாம் நாள்தான் மருந்து வந்தது. அது தெளிக்கிற மருந்து அல்ல. பசை போல் இருக்கும் தின்கிற மருந்து. ஜெல் என்பார்கள். ஊசி போன்ற குழாயில் வரும்.

இதைப் பூசி மெழுகக் கூடாது. மிளகு அளவு ஒரு பொட்டு. அவ்வளவுதான்! ஒரே இடத்தில் பெரிய கட்டியாக வைப்பதைவிட, பல இடங்களில் சின்னப் பொட்டாக வைத்தால்தான் பலன். பிரிஜ்ஜின் பின் ஓரம், மேடையின் அடி ஓரம், அலமாரிக் கீல், தொட்டிக்கு அடியில் குழாய் நுழைகிற இடம். கரப்பான் இருந்த இடத்தில் நிறைய. இல்லாத கூடத்தில் ஒன்றுமில்லை. எண்ணிக்கை எடுத்ததன் பயன் இதுதான். எத்தனை பொட்டு என்பது டப்பா மேல் எழுதியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

உணவு படும் இடத்தில் வைக்கக் கூடாது. தினமும் கழுவும் இடத்தில் வைத்தால் கரைந்துவிடும். அடுப்பு ஓரச் சூட்டில் வைத்தால் காய்ந்துவிடும்.

இதைத் தின்ற கரப்பான் உடனே சாகாது. தன் சந்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் மற்றக் கரப்பான்கள் தின்னும். அவையும் சாகும். வெளியே வராத குஞ்சுகளுக்கும் இப்படி மருந்து போய்ச் சேருகிறது.

ஒரு எச்சரிக்கை! ஜெல் வைத்த இடத்தில் டப்பா மருந்தை அடித்துவிடக் கூடாது. அந்த வாடை பட்டால் கரப்பான் ஜெல்லை நெருங்காது. வேலை எல்லாம் வீண்.

மூன்றாம் வாரத்தில் ஒரு அதிர்ச்சி

ஜெல் வைத்து ஒரு வாரம் ஆயிற்று. எட்டு அட்டைகளிலும் மொத்தம் 17. இரண்டாம் வாரம் 6. முதலாளிக்குச் சந்தோஷம். மூன்றாம் வாரம் எண்ணினார்கள். 11!

"மருந்து போலி போலிருக்கிறதே!" என்றார் முதலாளி.

மருந்துக்காரர் அட்டையைக் காட்டினார். "பாருங்கள், ஐயா. பெரியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் எள் மாதிரிக் குஞ்சுகள். முட்டை உறைக்குள் மருந்து போகாது. உறை இப்போது பொரித்திருக்கிறது. இன்றைக்கு இரண்டாம் முறை ஜெல் வைத்தால், இவை முட்டையிடும் வயதுக்கு வராமலே போய்விடும்" என்றார்.

பல ஓட்டல்கள் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு தடவை வைத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடியும் வைக்க வேண்டும். இந்த ஓட்டலில் அப்படிச் செய்தார்கள். ஐந்தாம் வாரம் அட்டையில் இருந்தது 2.

அட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மாதம் ஒரு இரவு வைத்து எண்ண வேண்டும். எண்ணிக்கை ஏறினால், கண்ணில் படுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பகலில் கரப்பான் கண்ணில் பட்டால் உஷார்! இரவுப் பூச்சி பகலில் வருகிறது என்றால், உள்ளே இடம் போதாத அளவுக்குக் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

எலி: கட்டைவிரல் நுழைந்தால் போதும்!

சரக்கு அறையில் இருந்த எலியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரவில் சுவர் ஓரமாகச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினார்கள். காலையில் பொடியில் கால் தடம். கதவின் கீழே இருந்து மூட்டை வரை ஒரே கோடு!

எலி நடு அறையில் ஓடாது. சுவரை உரசிக்கொண்டே போகும். அதே வழியில் திரும்பும். அதனால் சுவரில் எண்ணெய்க் கறை மாதிரிக் கறுப்புத் தடம் இருக்கும். அதுதான் எலியின் ரோடு.

கட்டைவிரல் நுழைகிற ஓட்டையில் எலி நுழைந்துவிடும். பென்சில் நுழைகிற ஓட்டை சுண்டெலிக்குப் போதும். அந்தக் கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது! தச்சரைக் கூப்பிட்டுத் தகரப் பட்டை அடித்தார்கள். குழாய் போகும் சுவர் ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினார்கள். துணியை அடைத்தால் எலி கடித்துவிடும். சிமெண்ட் மட்டும் பூசினால், அது காய்வதற்குள் சுரண்டிவிடும். இரண்டும் சேர வேண்டும்.

மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில் அடுக்கினார்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். அந்த ஒரு முழ இடத்தில் தினம் துடைப்பம் போகும். டார்ச் விளக்கு வெளிச்சம் போகும். எலி ஒளிய இடமில்லை.

உள்ளே மாட்டிக்கொண்ட எலிகளுக்குப் பொறி. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எலி சந்தேகப் பிராணி. புதிய பொருளைக் கண்டால் சில நாள் நெருங்காது. ஆகையால் முதல் மூன்று இரவும் பொறியை இழுத்து மாட்டாமல், தேங்காய்த் துண்டும் கருவாடும் மட்டும் வைத்தார்கள். எலி வந்து தின்றுவிட்டுப் போனது. பயம் போய்விட்டது. நாலாவது இரவு பொறியை மாட்டினார்கள். ஒன்று, இரண்டு அல்ல, எட்டுப் பொறிகள். சுவர் ஓரமாக, தீனி இருக்கும் முனை சுவரைப் பார்த்தபடி! இரண்டு இரவில் ஐந்து எலிகள் பிடிபட்டன. மறுவாரம் பொடியில் தடம் இல்லை.

எலிப் புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசி மூக்கில் ஏறும். கிருமிநாசினித் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் ஊறவைத்து, கையுறை போட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். செத்த எலியையும் வெறும் கையால் தொடக் கூடாது.

எலி விஷம்: எங்கே, எது?

சமையல் கட்டுக்குள்ளும் சரக்கு அறைக்குள்ளும் எலி விஷம் வைக்கவே கூடாது. எலி விஷத்தை மூட்டைக்கு இழுத்துப் போகும். அல்லது தின்றுவிட்டு கூரைக்குள் போய்ச் செத்து நாறும்.

கொல்லைப்புறத்தில் பெருச்சாளி வளை இருந்தால் மட்டும், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைக்கும் விஷக் கட்டி உண்டு. புரோமடியோலோன் என்பது அதில் ஒன்று. இது ரத்தம் உறையாமல் செய்து சில நாளில் கொல்லும். தவறிப்போய் மனிதர் தின்றால் வைட்டமின் கே ஊசி மருந்தாக இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆனால் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை வேறு ரகம். பற்பசை மாதிரிக் குழாயில் வரும். இதற்கு மாற்று மருந்தே கிடையாது! தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலவே தெரியும். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிறகு கல்லீரல் கெட்டுவிடும். இதனால் பல உயிர்கள் போயின. 2022, 2023-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு இதன் விற்பனையைத் தடுக்க நடவடிக்கை எடுத்தது. ஓட்டலிலோ வீட்டிலோ பழைய குழாய் ஏதாவது கிடந்தால், அதை வைத்துக்கொள்ளவே கூடாது.

ஈ: பத்து நாள் கணக்கு

ஈயை அடித்து ஒழிக்க முடியாது. அது பிறக்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும்.

பெண் ஈ ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் முட்டையிடும். எச்சில் இலை, காய்கறித் தோல், சாணம் எல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. வெயில் காலத்தில் ஒரு நாளில் முட்டை பொரித்துப் புழு வரும். புழு நாலைந்து நாள் தின்று கொழுக்கும். பிறகு கூடு கட்டும். ஏறக்குறைய பத்து நாளில் புது ஈ பறந்துவிடும்.

ஆகவே குப்பை அந்த இடத்தில் பத்து நாள் தங்கக் கூடாது. ஓட்டல் குப்பை ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது.

நம் ஓட்டலில் இலைத் தொட்டியை தினமும் காலி செய்தார்கள். ஆனாலும் ஈ குறையவில்லை! ஏன்? கூடு கட்டும் சமயத்தில் புழு, ஈரக் குப்பையை விட்டு வெளியே ஊர்ந்து, பக்கத்து உலர்ந்த மண்ணுக்குள் போய்விடும். தொட்டியைச் சுற்றி மண்ணைக் கிளறியபோது, அரிசி மாதிரிப் பழுப்புக் கூடுகள் கைநிறைய வந்தன. தொட்டிக்கு அடியில் சிமெண்டுத் தளம் போட்டு, மூடி போட்டு, தினம் தேய்த்துக் கழுவினார்கள். இரண்டு வாரத்தில் ஈ அடங்கியது. குப்பையின் மேல் வெள்ளைப் பொடி தூவினால் போதும் என்று நம்பிக் குப்பையை விட்டுவைப்பது தவறு.

பிறகுதான் கதவுக்கு வலையும், உள்ளே ஈப் பிடிக்கும் ஊதா விளக்கும் வந்தன. விளக்கை உணவு மேடைக்கு மேலே மாட்டக் கூடாது. வாசலைப் பார்த்தும் மாட்டக் கூடாது. வெளியே போகிற ஈயை அது உள்ளே கூப்பிடும்! "பட்" என்று பொசுக்கும் விளக்கைவிட, பசைப் பலகை உள்ள விளக்கு நல்லது. பொசுக்கினால் ஈயின் துணுக்குகள் சிதறி விழும்.

மருந்து மனிதனைக் கொல்லாமல் இருக்க

2013-ம் ஆண்டு ஜூலை 16. பீகாரில் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. முன்பு மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். யாரும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. பாத்திரம் மாறியது, அவ்வளவுதான்.

சமையல் கட்டில் மருந்தைக் கையாளுகிற யாரும் இதை மறக்கக் கூடாது. முதல் விதி: மருந்தை அது வந்த பாட்டிலிலேயே வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ, கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. காலிப் பாட்டிலை நசுக்கிவிட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அது மறுபடி பாத்திரம் ஆகாது.

இரண்டாம் விதி: மருந்துக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு. உப்பு, மாவு, சோடா உப்பு இருக்கும் அறையில் மருந்துப் பொடி இருக்கக் கூடாது. வெள்ளைப் பொடி எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்! கரப்பானுக்குக் கோடு போடுகிற சாக்பீஸ் கட்டியும் பார்வைக்குப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் போலவே இருக்கிறது. குழந்தை எடுத்து வாயில் வைத்தால் என்ன ஆகும்?

மூன்றாம் விதி: லேபிள் இல்லாத மருந்தை வாங்கக் கூடாது. லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் கொடிய விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள். பிறகு நீலம். கடுமை மிகக் குறைந்தது பச்சை. சிவப்பும் மஞ்சளும் சமையல் கட்டுப் பக்கமே வரக் கூடாது. முன்பு ஓட்டல்களில் அதிகம் அடித்த டைக்ளோர்வாஸ் மருந்தை நிறுத்தும்படி மத்திய அரசு 2018-ல் ஆணையிட்டது. 2020 முடிவோடு அது தடையாகிவிட்டது. யாராவது "பழைய சரக்கு இருக்கிறது" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

தெளித்தே ஆகவேண்டிய சாக்கடை, கொல்லைப்புறம் போன்ற இடங்களுக்கு, உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுவதே சரி. அவர் வருமுன் உணவையும் பாத்திரங்களையும் அப்புறப்படுத்த வேண்டும். அடுப்பை அணைக்க வேண்டும். அவர் சொல்லும் நேரம் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. பிறகு ஜன்னலைத் திறந்து, மேடைகளைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

மருந்தைத் தொடும்போது ரப்பர் கையுறை வேண்டும். வெற்றிலை, பீடி, காப்பி எதுவும் கூடாது. சமையல் டம்ளரால் மருந்தை அளக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்ற வேண்டும்.

மேலே பட்டுவிட்டால்?

தோலில் பட்டால் சட்டையைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பதினைந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும்.

விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். மருந்து பாட்டிலையோ லேபிளையோ கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மருந்து கொடுக்க முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பஸ் நிலைய ஓட்டலில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, அட்டையில் எத்தனை, எலித் தடம் உண்டா, எந்த மருந்து எங்கே வைத்தது, வைத்தவர் கையெழுத்து. அவ்வளவுதான். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் இதைத்தான் கேட்பார்.

தினமும் இரவில் துடைப்பதும் உலர்த்துவதும் குப்பையை அனுப்புவதும். வாரம் ஒரு முறை பிரிஜ்ஜையும் மேடையையும் நகர்த்தி அடியில் சுத்தம் செய்வது. சாக்கடை உட்புறத்தைப் பிரஷ்ஷால் தேய்ப்பது. மாதம் ஒரு முறை அட்டையும் சாக்குக்கட்டிப் பொடியும் வைத்துப் பார்ப்பது. எண்ணிக்கை ஏறினால் மட்டும் மருந்து.

வீட்டுச் சமையலறைக்கும் இதே முறைதான். அட்டை எட்டு வேண்டாம்; இரண்டு போதும். ஒன்றை பிரிஜ்ஜுக்குப் பின்னால் வைத்து, காலையில் எண்ணிப் பாருங்கள்!